புதிதாகச் சேருபவருக்கு வரவேற்புக் கடிதமும் முதல் வார அட்டவணையும்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஃபர் லெட்டர் கொடுத்த நாளுக்கும் ஆள் வந்து சேரும் நாளுக்கும் நடுவில் ஒரு மாதமாவது ஓடிவிடும். பழைய இடத்தில் நோட்டீஸ் பீரியட் முடிய வேண்டும், வீடு பார்க்க வேண்டும். அந்த ஒரு மாதமும் நம் பக்கத்திலிருந்து பெரும்பாலும் ஒரு போன்கூடப் போவதில்லை. ஆனால் அவருக்கு உள்ளே கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டில் யார் பெயரைச் சொல்வது? சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டுமா? ரிலீவிங் லெட்டர் இன்னும் கைக்கு வரவில்லையே, சேர்த்துக்கொள்வார்களா? இந்த மாதமே சம்பளம் வருமா? இதையெல்லாம் எச்.ஆருக்குப் போன் போட்டுக் கேட்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அவர் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கு நாமே முன்கூட்டி எழுதி அனுப்பும் பதில்தான் வரவேற்புக் கடிதம். அதில் எழுதியதை நாள் வாரியாக நடத்திக் காட்டுவதுதான் முதல் வார அட்டவணை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆள் எழுதினால்தான் ஒன்றோடொன்று பொருந்தும்.

எனக்கு நன்றாகப் பழக்கமான சூழலையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனம், ஏறக்குறைய 180 பேர். பர்ச்சேஸ் பிரிவுக்கு மூன்று வருட அனுபவமுள்ள ஒருவர் திண்டுக்கல்லிலிருந்து வந்து சேருகிறார். சம்பளம் மாதம் 28,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. சேரும் நாள் 8-ஆம் தேதி, திங்கள்கிழமை. உங்கள் நிறுவனம் ஐ.டி.யாகவோ மருத்துவமனையாகவோ இருந்தால் மெஷின் ஷாப், ஸ்டோர்ஸ் என்று வரும் இடங்களில் உங்கள் துறையின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தேதியைச் சரியாகப் பிடியுங்கள்

மாதத்தின் 1-ஆம் தேதி சேரச் சொல்வது பலருக்குப் பழக்கம். சம்பளக் கணக்குக்கு வசதி, அவ்வளவுதான். பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் பிரிவுகளில் மாதக் கடைசியும் முதல் நான்கைந்து நாளும் பில் முடிப்பதிலும் ஜி.எஸ்.டி. சரிபார்ப்பதிலும் போய்விடும். புதியவருக்கு முகம் கொடுத்துப் பேச ஆள் இருக்காது. 8-லிருந்து 15-க்குள் ஒரு திங்கள் என்றால் துறை கொஞ்சம் மூச்சு விடும் நேரம்.

அதைவிட முக்கியம், துறைத் தலைவர் அந்த வாரம் ஊரில் இருக்கிறாரா என்பது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கணக்குப் பிரிவுக்கு ஒருவரைத் திங்கள்கிழமை வரச் சொல்லியிருந்தோம். மேலாளர் குடும்பத்தோடு திருப்பதி போயிருந்தார். கம்ப்யூட்டர் வரவில்லை. அந்த மனிதர் பையை மடியில் வைத்துக்கொண்டு ரிசப்ஷன் சோபாவில் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு முறை அந்தப் பக்கம் போனபோதும், "இதோ வந்துடுவாங்க சார்" என்றுதான் சொன்னேன். வியாழக்கிழமை அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அவரிடம் என்றைக்கு எதைக் காட்டப் போகிறோம் என்பது அன்று எங்கள் யாரிடமும் எழுத்தில் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த இரண்டு தாள்களையும் நான் தயாரிக்க ஆரம்பித்தேன்.

நேரமும் பாருங்கள். ஜெனரல் ஷிப்ட் 9 மணிக்கு என்றால் புதியவரை 9.30-க்கு வரச் சொல்லுங்கள். 8.45-லிருந்து 9.10 வரை கேட்டில் கூட்டம், செக்யூரிட்டிக்கு அவரைக் கவனிக்க நேரம் இருக்காது. இன்னொன்று, நம் ஊரில் நல்ல நேரம் பார்த்துச் சேருபவர்கள் நிறையப் பேர். திங்கள்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை, எமகண்டம் 10.30 முதல் 12 வரை. 9.45-க்குக் கையெழுத்து வைத்தால் இரண்டிலும் படாது. வெள்ளிக்கிழமை சேருபவர் என்றால் 10.30-க்குள் கையெழுத்தை முடித்துவிடுங்கள். உங்களுக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே பேச்சில்லை. அவருடைய அம்மா வீட்டிலிருந்து போன் போட்டுக் கேட்பார்.

ஒரு வாரத்துக்கு முன்: நான்கு பேரிடம் கேட்க வேண்டியவை

கடிதம் எழுதும் முன் நான்கு இடங்களிலிருந்து பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காமல் எழுதினால் கடிதத்தில் இருப்பது வெறும் ஆசைதான்.

ஐ.டி. ஆளிடம்: கம்ப்யூட்டர், மெயில், இ.ஆர்.பி. லாகின் எந்தத் தேதி தயாராகும்? மெயிலும் கம்ப்யூட்டரும் எளிதில் வந்துவிடும். இழுக்கும் இடம் இ.ஆர்.பி. லாகின்தான், ஏனென்றால் என்னென்ன அனுமதி கொடுப்பது என்று துறைத் தலைவர் எழுதிக் கொடுக்க வேண்டும். "ஏற்கெனவே இருக்கும் இன்னாருக்கு உள்ளதுபோலவே, ஆனால் பி.ஓ. அப்ரூவல் இல்லாமல்" என்று ஒரு வரி மெயில் போதும். பி.ஓ. என்பது சப்ளையருக்குப் போகும் கொள்முதல் ஆணை. அந்த ஒரு வரி வராததால் நான்கு நாள் வீணான கதைகள் எனக்குத் தெரியும்.

ஸ்டோர்ஸில்: அவர் அளவுக்கு சேஃப்டி ஷூ இருக்கிறதா? சின்ன விஷயம்போலத் தெரியும். எங்கள் ஸ்டோர்ஸில் எப்போதும் 7, 8, 9 நம்பர் இருக்கும். ஒருமுறை வந்தவருக்கு 11 தேவைப்பட்டது. ஷூ வந்து சேர ஆறு நாள் ஆனது. அதுவரை அவரை ஷாப் ஃப்ளோருக்குள் விட முடியவில்லை, போட்டுவைத்த அட்டவணையில் பாதி கலைந்துபோயிற்று. அன்றிலிருந்து ஷூ அளவை முன்கூட்டியே போனில் கேட்டுவிடுகிறோம்.

துறைத் தலைவரிடம்: முதல் வாரத்தில் அவர் கையில் எந்த வேலையைக் கொடுப்பீர்கள்? "வரட்டும், பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நான்காவது, கூட இருந்து சொல்லிக்கொடுக்கப் போகிறவரிடம். துறையில் மூத்தவரை இதற்குப் போடாதீர்கள். இருபது வருடமாக இருப்பவருக்கு எது புதியவருக்குத் தெரியாது என்பதே மறந்திருக்கும். சேர்ந்து ஒன்றரை, இரண்டு வருடமான ஒருவர்தான் சரி. எங்கே தடுமாறினோம் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும். அந்த வாரம் அவருடைய வேலையில் ஒன்றிரண்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லி, அதையும் மெயிலில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் புதன்கிழமை "நீங்க கொஞ்சம் உட்காருங்க, இதை முடிச்சிட்டு வரேன்" என்று ஆரம்பிக்கும், அது வெள்ளி வரை போகும்.

கடிதம்

சேரும் நாளுக்கு நான்கு நாள் முன்பு அனுப்புங்கள். மிக முன்னால் அனுப்பினால் மெயிலில் புதைந்துவிடும், முந்தின நாள் அனுப்பினால் ஆவணம் தேட நேரம் இருக்காது. மெயிலில் பி.டி.எஃப்., அதையே வாட்ஸ்அப்பிலும். இன்டர்வியூவில் அவர் எந்த மொழியில் தயங்காமல் பேசினாரோ அந்த மொழியில் எழுதுங்கள். நியமனக் கடிதம் வழக்கம்போல ஆங்கிலத்தில் இருக்கட்டும். இது அவர் பேருந்தில் நின்றுகொண்டே படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய கடிதம்.

எங்கள் பர்ச்சேஸ் ஆளுக்குப் போகும் கடிதம் இப்படி இருக்கும்:

> அன்புள்ள (பெயர்) அவர்களுக்கு,
>
> வணக்கம். வரும் 8-ஆம் தேதி திங்கள்கிழமை நீங்கள் எங்களோடு சேருவதில் மகிழ்ச்சி. பர்ச்சேஸ் பிரிவில் காஸ்டிங் சப்ளையர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தோம். அந்த வேலைக்குத்தான் நீங்கள் வருகிறீர்கள்.
>
> காலை 9.30 மணிக்கு முதல் கேட்டுக்கு வாருங்கள். செக்யூரிட்டியிடம் உங்கள் பெயர் இருக்கும். என் பெயரைச் சொன்னால் போதும், நானே கேட்டுக்கு வந்து அழைத்துப் போகிறேன். பைக்கில் வந்தால் உள்ளே இடப்பக்கம் ஷெட் இருக்கிறது. கம்பெனி பேருந்து உக்கடத்திலிருந்து 8.15-க்குக் கிளம்புகிறது. முதல் நாள் அதில் வந்தால் சீக்கிரம் வந்துவிடுவீர்கள், பரவாயில்லை, கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு இருக்கலாம்.
>
> சாதாரண ஃபார்மல் உடை போதும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். சேஃப்டி ஷூ நாங்கள் தருவோம். போனில் சொன்னபடி 9 நம்பர் எடுத்து வைத்திருக்கிறோம்.
>
> மதியச் சாப்பாடு கேன்டீனில். முதல் நாள் கட்டிக்கொண்டு வர வேண்டாம், பர்ச்சேஸ் பிரிவினர் உங்களோடு உட்காருவார்கள்.
>
> கொண்டுவர வேண்டியவை: ஆதார், பான் கார்டு, வங்கி பாஸ்புக் முதல் பக்கத்தின் நகல், படிப்புச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட் அளவு போட்டோ மூன்று, உங்கள் பி.எஃப். யு.ஏ.என். எண், நாமினியாகப் போட விரும்புபவரின் பிறந்த தேதி. சான்றிதழ்களின் அசலைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவோம். ரிலீவிங் லெட்டர் இன்னும் வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் போதும்.
>
> சம்பளம் மாதத்தின் கடைசி வேலை நாளில் வங்கிக்கு வரும். வருகைக் கணக்கை 25-ஆம் தேதியோடு முடிப்பதால் உங்கள் முதல் சம்பளம் 8 முதல் 25 வரை உள்ள 18 நாட்களுக்கு வரும். 26-லிருந்து உள்ள நாட்கள் அடுத்த மாதச் சம்பளத்தோடு சேரும்.
>
> உங்கள் மேலாளர் (பெயர்). முதல் இரண்டு வாரம் உங்கள் கூடவே இருந்து வேலையைக் காட்டப் போகிறவர் (பெயர்). எந்தக் கேள்வியையும் அவரிடம் கேட்கலாம். முதல் வார அட்டவணையை இதோடு வைத்திருக்கிறேன். மாலை 5 மணிக்கு மேல் உங்களை உட்கார வைக்க மாட்டோம்.
>
> என் கைபேசி எண் கீழே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் எடுப்பேன்.
>
> அன்புடன்,
> (பெயர், மனிதவளப் பிரிவு, கைபேசி எண்)

இதில் மூன்று இடங்களை மட்டும் விளக்க வேண்டும்.

முதலாவது, அந்த முதல் பத்தி. "எங்கள் குடும்பத்தில் இணைந்தமைக்கு வாழ்த்துகள்" என்று எல்லாருக்கும் ஒரே வரியை அனுப்பும் வழக்கம் இருக்கிறது. படிப்பவருக்கு அது அச்சடித்தது என்று உடனே தெரிந்துவிடும். எந்த வேலைக்காக இவரைத் தேடினோம் என்று ஒரு வரி எழுதினால் அதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. அதை எழுத உங்களுக்குத் தெரியவில்லை என்றால் துறைத் தலைவரிடம் போய்க் கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, சம்பளம். வந்த முதல் மாதம்தான் புதியவருக்குக் கையிருப்பு மிகக் குறைவு. வீட்டு அட்வான்ஸ் கொடுத்திருப்பார், பழைய இடத்தில் ஃபுல் அண்ட் ஃபைனல் இன்னும் வந்திருக்காது. 28,000-த்தை 30-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் 16,800. அந்த 18 நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 9,000, அதில் 12 சதவீதம் பி.எஃப். 1,080. வேறு பிடித்தம் இல்லாவிட்டால் கைக்கு 15,720 வரும். இது தெரியாமல் மாதக் கடைசியில் வங்கி மெசேஜைப் பார்ப்பவர், பேசிய சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். ஆனால் கடிதத்தில் நாட்களை மட்டும் எழுதுங்கள், ரூபாயை எழுதாதீர்கள். இந்தக் கடிதத்தின் நகல் மேலாளருக்கும் கூட இருப்பவருக்கும் போகும். ரூபாய்க் கணக்கைப் போனில் அவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, ரிலீவிங் லெட்டர் பற்றிய வரி. பல இடங்களில் அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்களோ என்ற பயத்தில் சேரும் தேதியையே தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் அதைத் தடுக்கும். அசல் சான்றிதழைத் திருப்பிக் கொடுப்போம் என்ற வரியும் அப்படித்தான். அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால், தயவுசெய்து அதை முதலில் நிறுத்துங்கள்.

கடிதத்தில் எழுதக் கூடாதவையும் உண்டு. நோட்டீஸ் பீரியட், தகுதிகாண் பருவம், ரகசியக் காப்பு இதெல்லாம் நியமனக் கடிதத்தின் விஷயம். இங்கே மறுபடி எழுதி, இரண்டில் ஒரு வார்த்தை மாறிவிட்டால் பின்னால் எது செல்லும் என்று சண்டை வரும்.

இனிஷியல் என்னும் தலைவலி

முதல் நாள் கையெழுத்து வேலைகளில் நேரத்தை விழுங்குவது ஒன்றே ஒன்றுதான், பெயர். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "ர. குமார்", ஆதாரில் "குமார்", பான் கார்டில் "குமார் ரங்கசாமி" என்று மூன்று விதமாக இருக்கும். பி.எஃப். கணக்கு ஆதாரோடு பொருந்தினால்தான் சரிபார்ப்பு முடியும். பெயரோ பிறந்த தேதியோ மாறினால் கோரிக்கை திரும்பி வரும். திருமணத்துக்குப் பின் ஆதாரில் மட்டும் கணவர் பெயரைச் சேர்த்த பெண்களுக்கும் இதே சிக்கல் வரும்.

அதனால் கடிதம் அனுப்பிய மறுநாளே ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் முதல் நாளே அவரிடம் சொல்லி எதை மாற்றுவது என்று முடிவு செய்யலாம். இரண்டு மாதம் கழித்துத் தெரியவந்தால் அதற்குள் சம்பளக் கணக்கு, பி.எஃப்., காப்பீடு மூன்றிலும் மூன்று பெயர் ஏறியிருக்கும்.

ஏற்கெனவே யு.ஏ.என். இருப்பவருக்குப் புதிதாக இன்னொன்று எடுக்கவே கூடாது. படிவம் 11-இல் பழைய எண்ணை எழுதச் சொல்லுங்கள். எண் நினைவில்லை என்றால் பழைய சம்பளச் சீட்டில் இருக்கும். பழைய நிறுவனம் அவர் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்று அவருடைய பி.எஃப். லாகினில் பார்க்கச் சொல்வதும் நல்லது. அது பதிவாகாமல் பழைய பணம் இங்கே மாறி வராது. அவர்கள் செய்யவே இல்லை என்றால், விலகி இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே அந்தத் தேதியைப் பதிவிட்டுக்கொள்ளலாம்.

நம்மவரின் சம்பளம் 28,000 என்பதால் இ.எஸ்.ஐ. வராது, அதன் வரம்பு 21,000. அந்த வரம்புக்குள் வருபவர் என்றால் சேர்ந்த 10 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அதற்குக் குடும்பத்தாரின் விவரங்களும் தேவை என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு என்றால் எந்தத் தேதியிலிருந்து அவர் பெயர் ஏறுகிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் வார அட்டவணை

ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு வரியிலும் நேரம், இடம், யார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஆள் பெயர் இல்லாத வரி நடக்காது. ஒரு நாளில் நான்கு சந்திப்புக்கு மேல் போடாதீர்கள். பன்னிரண்டு துறைத் தலைவர்களை ஒரே நாளில் அறிமுகம் செய்துவைத்தால் மாலையில் ஒரு பெயர்கூட நினைவில் நிற்காது.

திங்கள். 9.30-க்குக் கேட். 9.45 முதல் 10.30 வரை கையெழுத்துகள். 10.30-க்கு மேலாளரோடு டீ, அரை மணி நேரம். 11-லிருந்து ஒரு மணி நேரம், கூட இருப்பவரோடு ஆலையைச் சுற்றிப் பார்த்தல்: கேட்டிலிருந்து மெஷின் ஷாப், வைண்டிங், அசெம்பிளி, டெஸ்டிங், டிஸ்பாட்ச் என்று பம்ப் எப்படி நகர்கிறதோ அதே வரிசையில். 12.30 சாப்பாடு. 2 மணிக்குக் கம்ப்யூட்டர், மெயில். 3 மணிக்குப் பாதுகாப்பு விதிகளும், பணியிடப் பாலியல் தொல்லைக்கான உள் புகார்க் குழுவில் யார் யார், எப்படி அணுகுவது என்பதும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது 2013-ஆம் வருடச் சட்டம். 4 மணிக்கு மேல் எதுவும் போடவில்லை. தன் மேசையில் உட்கார்ந்து, பேனா எங்கே, தண்ணீர் எங்கே என்று பார்த்துக்கொள்ளும் நேரம் அது. 4.45-க்கு நான் போய்ப் பத்து நிமிடம் பேசுவேன்.

முதலாளியைப் பார்ப்பதை முதல் நாள் போடுவதில்லை. அவருக்கு அவசர வேலை வந்து, புதியவர் அறை வாசலில் காத்து நிற்கும்படி ஆகிவிடும். வியாழக்கிழமை பத்து நிமிடம் போட்டால், அதற்குள் பேச ஏதாவது அவரிடமும் இருக்கும்.

செவ்வாய். முழு நாளும் கூட இருப்பவர் பக்கத்தில் நாற்காலி. பொருள் வேண்டும் என்று துறைகள் கேட்கும் இன்டென்ட் வந்ததிலிருந்து பி.ஓ. போகும் வரை அன்று உண்மையில் வரும் வேலையையே பார்ப்பது. மதியத்துக்கு மேல் புதியவர் கையால் இரண்டு பி.ஓ. போட வேண்டும், அப்ரூவலுக்கு அனுப்புமுன் கூட இருப்பவர் பார்ப்பார். பி.பி.டி. எதுவும் வேண்டாம்.

புதன். இந்த நாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு லோடு காஸ்டிங்கை, அதாவது பம்ப்புக்கான வார்ப்புப் பாகங்களை, கேட்டிலிருந்து ரேக் வரை பின்தொடர்ந்து போகச் சொல்கிறோம். வண்டி எடை மேடையில் ஏறுகிறது, இன்வர்டு நோட்டில் பதிவாகிறது, சரக்கோடு வரும் டெலிவரி சலானில் உள்ள எண்ணிக்கையும் இறங்கியதும் ஒத்துப்போகிறதா என்று ஸ்டோர்ஸ் ஆள் எண்ணுகிறார், தரப் பிரிவில் ப்ளோ ஹோல் எனும் காற்று ஓட்டை இருக்கிறதா என்று தட்டியும் தடவியும் பார்க்கிறார்கள். நல்லதுக்குச் சரக்கு வரவைப் பதியும் ஜி.ஆர்.என்., கெட்டதுக்குச் சிவப்புப் பெயின்ட். மேசையில் உட்கார்ந்து "ரிஜெக்‌ஷன் 6" என்று படிப்பதற்கும், சிவப்புப் பூசிய ஆறு கேசிங்குகளைக் கையால் புரட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம், பின்னால் சப்ளையரிடம் போனில் பேசும்போது தெரியும். அன்று எந்த லோடு வருகிறது என்று செவ்வாய் மாலையே ஸ்டோர்ஸில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வராத நாளில் இது நடக்காது, அப்போது புதனையும் வியாழனையும் மாற்றிப் போடலாம்.

வியாழன், வெள்ளி. சொந்த வேலை. இதற்காகத்தான் துறைத் தலைவரை விடாமல் கேட்கச் சொன்னேன். முதல் வார வேலைக்கு நான் பார்ப்பது: இரண்டு நாளில் முடிய வேண்டும், தப்பானாலும் பணம் போகக் கூடாது, முடித்ததை இன்னொருவர் உண்மையில் பயன்படுத்த வேண்டும். பழைய ஃபைலை அடுக்கச் சொல்வது மூன்றாவதில் தோற்கும். விலை பேசச் சொல்வது இரண்டாவதில் தோற்கும். நம்மவருக்குக் கொடுத்தது, தேதி கடந்தும் வராத 12 பி.ஓ.க்களின் பட்டியல். ஒவ்வொரு சப்ளையருக்கும் போன் செய்து எத்தனை வரும், எந்தத் தேதி வரும் என்று கேட்டு எழுத வேண்டும். முதல் இரண்டு போனைக் கூட இருப்பவர் பேசுவார், புதியவர் கேட்பார். மூன்றாவது போனில் "புதுசா சேர்ந்திருக்காங்க, இனி இவங்கதான் பேசுவாங்க" என்று சொல்லிக் கையில் கொடுப்பார். பன்னிரண்டு போன் முடியும்போது முக்கியமான சப்ளையர்கள் எல்லாருக்கும் அவர் குரல் தெரிந்துவிடும். உற்பத்தித் திட்டமிடுபவருக்கு எப்படியும் தேவைப்படும் பட்டியலும் கிடைத்துவிடும்.

வெள்ளி 4.30-க்கு என்னோடு இருபது நிமிடம். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு சார்" என்ற பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் தெரியாது. நான் கேட்பது இது: "இந்த வாரம் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்ற இடம் எது?" அப்புறம், "நாங்கள் இன்டர்வியூவில் சொன்னதற்கும் இங்கே பார்த்ததற்கும் எதில் மாறுகிறது?" முதல் கேள்விக்கு எல்லாரும் பதில் சொல்கிறார்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். நாம் பேசாமல் இருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சனி. 11 மணிக்கு அந்த 12 வரிப் பட்டியலோடு மேலாளர் முன் கால் மணி நேரம். எந்தப் பதிலை நம்பலாம், எந்தச் சப்ளையர் "நாளைக்கு அனுப்பிடறோம்" என்று ஒரு மாதமாகச் சொல்பவர் என்று மேலாளர் சொல்லித் தருவார். அதோடு அடுத்த நான்கு வாரத்தில் எந்தெந்த சப்ளையர்கள் இவர் பொறுப்புக்கு வருகிறார்கள் என்று ஒரு தாள். அன்று 1 மணிக்கு அனுப்பிவிடுகிறோம், திண்டுக்கல் போய்ப் பெட்டி படுக்கை எடுத்துவர வேண்டும் அல்லவா.

சறுக்குவது எப்படித் தெரியும்

அட்டவணை தாளில் அழகாக இருந்தாலும் உள்ளே வேறு நடக்கலாம். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். முதல் நாள் எல்லாரும் கூட உட்காருவார்கள். இரண்டாம் நாளும் கூட்டத்தில் இருக்கிறாரா என்பதுதான் கணக்கு. புதன் மதியம் அவர் மேசையில் நியமனக் கடிதத்தையோ கம்பெனி புரோஷரையோ புரட்டிக்கொண்டிருந்தால், கூட இருப்பவருக்கு நேரம் இல்லை என்று அர்த்தம். அவரைத் திட்டாதீர்கள், அவரிடமிருந்து வேலையை மாற்றிக் கொடுத்தார்களா என்று மேலாளரிடம் கேளுங்கள். லீவு, அட்வான்ஸ் போன்ற கேள்விகள் உங்களிடம் வராமல் செக்யூரிட்டியிடமோ பேருந்து டிரைவரிடமோ போகின்றன என்று காதில் விழுந்தால், திங்கள் 4.45 பேச்சு வெறும் சடங்காக நடந்திருக்கிறது.

ஒரே நாளில் ஐந்தாறு பேர் சேர்ந்தால் திங்கள் மதியம் வரை ஒன்றாக நடத்தலாம். அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் தனித் தாள் வேண்டும். ஃபிட்டருக்கும் அக்கவுண்டன்டுக்கும் ஒரே செவ்வாய்க்கிழமை பொருந்தாது.

சனிக்கிழமை அவர் கிளம்பிய பிறகு அட்டவணையின் என் நகலை எடுத்து, நடக்காத வரிகளைச் சிவப்பில் வட்டமிடுவேன். நம்மவரின் தாளில் இரண்டு வட்டங்கள். இ.ஆர்.பி. லாகின் செவ்வாய் காலைக்குப் பதில் மதியம் 3 மணிக்குத்தான் வந்தது, அதனால் இரண்டுக்குப் பதில் ஒரே ஒரு பி.ஓ. போட்டார். புதன்கிழமை தரப் பிரிவில் வாடிக்கையாளர் ஆடிட் இருந்ததால் காஸ்டிங் பரிசோதனையை வாசலில் நின்று பார்த்ததோடு சரி. பரிசோதனை அடுத்த செவ்வாய் 10 மணிக்கு, தரப் பிரிவு மேற்பார்வையாளர் பெயரோடு புதிய தாளில் ஏறியது. லாகின் விஷயம், அடுத்த மாதம் சேரப் போகும் வைண்டிங் சூப்பர்வைசரின் தாளில் முதல் வரியாக ஏறியது: அனுமதி மெயில், சேரும் நாளுக்கு ஐந்து நாள் முன்பு.